சார்ஜர் கேட்ட ஒரு சாட்டும் மூன்று தவறுகளும்

கேள்வி: வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து டீம் அக்காவுக்கு, "ப்ளீஸ் பாரோ மீ யுவர் சார்ஜர். ஐ வில் டேக் இட் டு யுவர் சீட் டுமாரோ. ஆல்ஸோ சே பிரபு டு கால் மீ" என்று சாட் அனுப்பினேன். சார்ஜர் தந்துவிட்டார், ஆனால் மூன்று வாக்கியமும் தப்பு என்றார். விதிகளைப் படித்திருக்கிறேன், அவசரத்தில் எதுவும் ஞாபகம் வருவதில்லை. சுலபமான வழி உண்டா?

பதில்: உண்டு. விதியைத் தேட வேண்டாம், அதே வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கவனியுங்கள். விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

முதலில் பிரிங், டேக். அந்த அக்காவிடம் நேரில் பேசியிருந்தால், "நாளைக்கு உங்க சீட்டுக்கு எடுத்துட்டு வரேன்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இதில் உங்களைத் தடுக்கி விடுவது 'எடுத்து' என்ற சொல். எடு என்றால் டேக் என்று பள்ளியில் படித்த பாடம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. நம் ஊரில் அடிக்கடி கேட்கும் "டேக் அண்ட் கம்" பிறப்பதும் இப்படித்தான். எடுப்பதை விட்டுவிட்டுக் கடைசி வினையை மட்டும் பாருங்கள். 'வா' என்று முடிந்தால் பிரிங், 'போ' என்று முடிந்தால் டேக்.

நாம் இருக்கும் இடத்துக்கு மட்டுமல்ல, கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் தமிழில் 'வரேன்' என்கிறோம். ஆங்கிலமும் இந்த இடத்தில் அப்படியேதான். அதே சார்ஜரைப் பற்றி வீட்டில் அம்மாவிடம், "இதை நாளைக்கு ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போகணும்" என்பீர்கள். அது டேக். அக்காவிடம் சொல்லும்போது அது பிரிங். பொருளும் மாறவில்லை, போகும் வழியும் மாறவில்லை, கேட்கும் ஆள்தான் வேறு. கிளையன்ட் ஆபீஸுக்கு ஒரு சீனியரோடு கிளம்புகிறீர்கள் என்றால், "நானும் லேப்டாப் எடுத்துட்டு வரவா?" என்று கேட்பீர்கள். அவரும் கூட வருவதால் அங்கேயும் பிரிங்தான். அமெரிக்கர்கள் சிலர் டேக் வரவேண்டிய இடத்திலும் பிரிங் என்று சொல்வதைக் கேட்பீர்கள், அதனால் குழம்ப வேண்டாம்.

அடுத்தது லெண்ட், பாரோ. இதில் தமிழ் இன்னும் தெளிவு. 'இரவல் கொடு' என்றால் லெண்ட், 'இரவல் வாங்கு' என்றால் பாரோ. இரண்டிலும் இரவல் என்ற சொல் பொதுவாக இருப்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. வாக்கியம் யாரை வைத்துத் தொடங்குகிறது என்று பாருங்கள். கொடுப்பவர் அவர், ஆகவே "கேன் யூ லெண்ட் மீ யுவர் சார்ஜர்?". வாங்குபவர் நீங்கள், ஆகவே "கேன் ஐ பாரோ யுவர் சார்ஜர்?". பாரோவுக்குப் பின்னால் 'மீ' வந்தாலே எங்கோ தவறியிருக்கிறது என்று அர்த்தம். திருப்பித் தராத பொருளுக்கு இரண்டுமே தேவையில்லை. நாலு ஏ4 தாள் வேண்டுமென்றால் "கேன் ஐ ஹேவ்" என்று கேளுங்கள்.

சே, டெல் இரண்டில்தான் தமிழ் கை கொடுக்காது, நமக்கு இரண்டுமே 'சொல்' தான். யாரிடம் என்ற ஆள் ஒட்டிக்கொண்டு வந்தால் டெல், ஆளே இல்லாமல் சொன்ன செய்தி மட்டும் வந்தால் சே. "மேனேஜர் டோல்ட் அஸ் தட் தி மீட்டிங் இஸ் கேன்சல்ட்" சரி. அஸ் இல்லையென்றால் டோல்ட் நிற்காது, "மேனேஜர் செட்" என்றாக வேண்டும். அப்புறம், "பிரபுகிட்ட சொல்லுங்க" என்பதில் உள்ள 'கிட்ட'வை மொழிபெயர்த்து "டெல் டு பிரபு" என்று எழுதிவிடாதீர்கள். டெல்லுக்கு அடுத்து நேராக ஆள்தான், நடுவில் டு கிடையாது. சேவோடு ஆளையும் சொல்ல வேண்டி வந்தால் அந்த டு வேண்டும்: "வாட் டிட் யூ சே டு பிரபு?"

உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் நினைத்தது "பிரபுவைக் கூப்பிடச் சொல்லுங்க". இந்த 'செய்யச் சொல்' வடிவத்துக்குச் சே ஒத்துவராது, "டெல் பிரபு டு கால் மீ" என்பதே சரி. ஆனால் தமிழில் 'சார் கிட்ட கூப்பிடச் சொல்லுங்க' என்று ஒரு 'சார்' போட்டு மரியாதையைக் காட்டிவிடுவோம். ஆங்கிலத்தில் டெல் வந்தாலே கொஞ்சம் உத்தரவு போல ஒலிக்கும். பிரபு உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் இல்லையென்றால் ஆஸ்க் போடுங்கள். அந்த சாட்டை நான் இப்படி எழுதுவேன்: "கேன் ஐ பாரோ யுவர் சார்ஜர்? ஐ வில் பிரிங் இட் டு யுவர் சீட் டுமாரோ. ஆல்ஸோ, குட் யூ ப்ளீஸ் ஆஸ்க் பிரபு டு கால் மீ?"