நோட்டில் ஒரு தொகை, எக்செல்லில் ஒரு தொகை: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவின் சேமிப்பு நோட்டை நான்தான் எழுதிக் கூட்டுகிறேன். இந்த மாதம் மகன் அதையே எக்செல்லில் ஏற்றி SUM போட்டான். தொகை வேறாக வருகிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன், எனக்குப் பழைய தொகைதான் வருகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு தொகையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இப்போதைக்கு எதையும் திருத்த வேண்டாம். SUM கூட்டுவதில் தவறாது, அதை நீங்கள் நம்பலாம். ஆனால் அது எதையெல்லாம் கூட்டியது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். அப்புறம், மேலிருந்து கீழாக மூன்று முறை கூட்டினால் மூன்று முறையும் அதே இடத்தில் சறுக்க வாய்ப்பு உண்டு. கண் ஒரு தடவை 7-ஐ 1 என்று படித்துவிட்டால் அடுத்த தடவையும் அப்படியே படிக்கும். அதனால் நாலாவது தடவை கீழிருந்து மேலாகக் கூட்டுங்கள்.

நான் 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பிரச்சினை போன வருடம் என் வீட்டிலேயே வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தியோடு உட்கார்ந்து அதை அவிழ்த்த விதத்தைச் சொல்கிறேன். அதே வழியில் உங்கள் நோட்டையும் பார்த்துவிடலாம்.

எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வசூல் நோட்டு என் கையில் இருந்தது. ஒரு பக்கத்தில் பத்து வரவு: 1,250, 860, 2,400, 1,075, 540, 3,180, 1,500, 725, 1,960, 630. நான் துண்டுத்தாளில் கூட்டி, நோட்டின் அடியில் 14,210 என்று எழுதியிருந்தேன். பேத்தி அதை எக்செல்லில் B2 முதல் B11 வரை ஏற்றினாள். மறுநாள் அவள் காட்டிய தாளிலும் அடியில் 14,210 இருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குள் 630 கொடுத்தவர் இன்னும் 100 சேர்த்துக் கொடுத்தார். "அதை 730 ஆக்கிடு கண்ணு" என்றேன். மாற்றினாள். மேலே எண் மாறியது, அடியில் இருந்த மொத்தம் அசையவே இல்லை.

"மொத்தம் ஏன் மாறலை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "SUM போட்டப்ப 12,620-ன்னு வந்துச்சு தாத்தா. நீங்க பேங்க்ல இருந்தவங்க, நீங்க கூட்டினதுதான் சரியா இருக்கும்னு ஃபார்முலாவை அழிச்சிட்டு 14,210-ன்னு டைப் பண்ணிட்டேன்."

இதை நான் கடுமையாகவே எடுத்துக்கொண்டேன். அவள் மீது கோபமில்லை, ஆனால் கணக்கு எழுதுகிறவர் செய்யவே கூடாத காரியம் இது. வித்தியாசம் என்பது ஒரு தகவல். எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது, அதை அவள் மறைத்துவிட்டாள். அதுவும் என் மேல் உள்ள மரியாதையால். கூடுதலாக வந்த 100-ஐ அடுத்த பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, 630-ஐ மறுபடி போட்டு, ஃபார்முலாவைத் திரும்ப எழுதச் சொன்னேன்.

```
=SUM(B2:B11)
```

12,620. என்னுடையது 14,210. வித்தியாசம் 1,590.

லெட்ஜர்கள் கையால் எழுதப்பட்ட காலத்தில், மாதக் கடைசியில் ஒவ்வொரு சேமிப்புக் கணக்கின் இருப்பையும் பேலன்சிங் புத்தகத்தில் இறக்கிக் கூட்டுவோம். அந்த மொத்தம் பொது லெட்ஜரில் உள்ள தொகையோடு பைசா விடாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இரவுகளில் முதலில் வித்தியாசத் தொகையையே பார்ப்போம். அதே தொகைக்கு ஒரு பதிவு இருந்தால் அது விட்டுப்போயிருக்கலாம். வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்றை வரவில் போட்டிருக்கலாம். 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்.

1,590-க்கு இந்த மூன்றும் பதில் சொல்லவில்லை. அந்தத் தொகைக்குப் பதிவு இல்லை, பாதியான 795-க்கும் இல்லை, 9-ஆல் வகுத்தால் மீதி 6. எந்தச் சோதனையிலும் சிக்காத வித்தியாசம் வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட தப்பு கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது எளிதாகச் சோதிக்கக்கூடிய பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது நல்லது. இங்கே எளிதான பக்கம் எக்செல்தான். பக்கத்துக் கட்டங்களில் இந்த இரண்டையும் போடச் சொன்னேன்.

```
=COUNT(B2:B11)
=COUNTA(B2:B11)
```

COUNT எண்ணாக இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணும். COUNTA காலியாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். முதலாவது 9 என்றது, இரண்டாவது 10 என்றது. பத்துக் கட்டத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, அதில் ஒன்று எக்செல்லின் கணக்கில் எண்ணே இல்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள்: B8. மற்ற எண்களெல்லாம் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டியிருக்க, அது மட்டும் இடது ஓரத்தில் இருந்தது. நோட்டில் நான் எழுதியதைப் பார்த்து அப்படியே "1500/-" என்று அடித்திருக்கிறாள். காசோலையிலும் ரசீதிலும் நாம் பழகிய அந்தக் கோடு சேர்ந்ததும் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. SUM எழுத்தைக் கண்டால் எச்சரிக்காமல் தாண்டிப் போய்விடும்.

அதை 1500 என்று திருத்தினாள். மொத்தம் 14,120 ஆனது.

"இன்னும் உங்களுது வரலையே" என்றாள். வித்தியாசம் இப்போது 90. இது 9-ஆல் வகுபடுகிறது, வகுத்தால் 10. அதாவது பத்தாம் இலக்கமும் நூறாம் இலக்கமும் இடம் மாறியிருக்கலாம், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 1 மட்டுமே வித்தியாசம் இருக்க வேண்டும். பத்துப் பதிவுகளையும் அப்படிப் பார்த்தோம். 1,250-இல் 2-க்கும் 5-க்கும் இடையே 3. 860-இல் 2. பொருந்தியது 540 ஒன்றுதான். அதை 450 என்று ஏற்றியிருப்பாளோ என்று பார்த்தால், நோட்டிலும் 540, தாளிலும் 540.

பதிவுகள் எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது என் மொத்தம் ஒன்றுதான். 14,210. அதிலும் 2-ம் 1-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கீழிருந்து மேலாக அவள் முன்னாலேயே கூட்டினேன்: 14,120. துண்டுத்தாளில் சரியாகக் கூட்டிவிட்டு, நோட்டுக்கு எடுத்து எழுதும்போது இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

இந்த 9 சோதனையை ஒரு சந்தேகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1,500-ஐ 150 என்று போட்டாலும் வித்தியாசம் 1,350, அதுவும் 9-ஆல் வகுபடும். தற்செயலாகவும் வகுபடலாம். எங்கே தேடுவது என்று அது காட்டும், அவ்வளவுதான். கண்டுபிடித்ததை நோட்டில் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

பேத்திக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "இனிமே SUM சொன்னா அப்படியே நம்பலாமா?" தாளை நகல் எடுத்து, அதில் பத்துக் கட்டத்திலும் 1 போடச் சொன்னேன். மொத்தம் 10 வந்தது. எந்தக் கட்டமும் விட்டுப்போகவில்லை, எதுவும் இரண்டு தடவை சேரவில்லை என்பது அதிலிருந்து தெரியும். அடுத்து, பதினொன்றாவது பதிவு ஒன்று அடியில் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கச் சொன்னேன். B2:B11 என்ற வரம்புக்கு வெளியே போகும் பதிவு மொத்தத்தில் சேராமல் போகலாம். அதனால் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு காலி வரிசையை விட்டு, அதையும் சேர்த்து SUM(B2:B12) என்று போட்டோம். புதுப் பதிவு வந்தால் அந்தக் காலி வரிசைக்கு மேலே வரிசையைச் செருக வேண்டும், அப்போது வரம்பும் தானாக நீளும்.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். மகனிடம் சொல்லி முதலில் மொத்தம் இருக்கும் கட்டத்தைத் தட்டிப் பாருங்கள். மேலே உள்ள பட்டையில் =SUM என்று தெரிய வேண்டும். வெறும் எண் தெரிந்தால் யாரோ அதன் மேல் டைப் செய்திருக்கிறார்கள். அடுத்து COUNT, COUNTA இரண்டும் ஒத்துப்போகின்றனவா, அந்த எண்ணிக்கை உங்கள் உறுப்பினர் எண்ணிக்கையோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாகும் வரை 9-ஆல் வகுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

மகளிர் குழு என்பதால் கடன் வட்டியும் அதே தாளில் இருக்கும் என்று நினைக்கிறேன். வித்தியாசம் ஒன்றிரண்டு ரூபாய்தான் என்றால் வட்டியைப் பாருங்கள். 3,340 ரூபாய்க் கடனுக்கு மாதம் 1% வட்டி 33.40. கட்டத்தில் பைசா தெரியாதபடி வைத்திருந்தால் 33 என்று காட்டும், உள்ளே 33.40 இருக்கும். அப்படி மூன்று பேர் இருந்தால் நீங்கள் கூட்டும்போது 99, எக்செல்லில் 100. கையில் வாங்குவது முழு ரூபாய்தான் என்றால் வட்டி வரும் இடத்திலேயே முழுமையாக்கிவிட வேண்டும். கடன் பாக்கி C பத்தியில் இருந்தால் இப்படி:

```
=ROUND(C2*1/100,0)
```

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கொடுத்தது 540, அதை நோட்டிலேயே 450 என்று எழுதிவிட்டீர்கள் என்றால் நோட்டும் எக்செல்லும் அழகாக ஒத்துப்போகும், இரண்டுமே தப்பாக இருக்கும். அதைப் பிடிக்கப் பெட்டியில் உள்ள பணம்தான் வேண்டும். கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் கலையும் முன் பணத்தை எண்ணி, அந்தத் தொகையை நோட்டின் மொத்தத்தைப் பார்க்காமல் தனியாக எழுதி வையுங்கள். பிறகு ஒப்பிடுங்கள்.

தப்பு உங்கள் நோட்டில்தான் என்று தெரிந்தால் எண்ணின் மேல் எண் எழுதாதீர்கள், வெள்ளை மையும் வேண்டாம். பழைய தொகை படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். கோயில் நோட்டில் 14,210-ஐ அப்படித்தான் அடித்தேன். 14,120 என்று எழுதியது பேத்தி, சுருக்கொப்பம் என்னுடையது.