காய்ச்சல் விட்ட பிறகுதான் சிக்குன்குன்யா தன் வேலையைக் காட்டும்

"அம்மாவுக்கு 52 வயது. காய்ச்சல் வந்து போய் மூன்று மாதம் ஆகிறது. டெங்கு இல்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் இன்னும் காலையில் விரலை மடக்க முடியவில்லை, கணுக்கால் வீங்குகிறது. இது சிக்குன்குன்யாவா? டெங்குவிலும் இப்படி மாதக்கணக்கில் வலிக்குமா?"

நான் டாக்டர் இல்லை. குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டியவள். "படிக்காதவள் ஏன் மருத்துவம் பேசுகிறாள்" என்று யாராவது எழுத வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சிக்குன்குன்யா என் உடம்பிலும் டெங்கு என் கணவர் உடம்பிலும் வந்து போனது. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு.

2008-ல் ஜொகூரில் சிக்குன்குன்யா பரவ ஆரம்பித்தது. அடுத்த வருடம் எங்கள் லயத்துக்கும் வந்தது. அப்போது எனக்கு 46 வயது. காலையில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே குளிர் எடுத்தது. மத்தியானத்துக்குள் காய்ச்சல் 39-க்கு மேல். அன்று இரவே மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கிவிட்டன. கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் சுவரைப் பிடித்துக் குனிந்துதான் நடந்தேன். அந்தப் பெயருக்கே ஆப்பிரிக்காவில் மக்கொண்டே மக்களின் மொழியில் 'வளைந்து போவது' என்று அர்த்தமாம். அந்த மாதம் எங்கள் லயத்தில் அப்படி வளைந்து நடந்தவர்கள் ஒன்பது பேர்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. கிளினிக்கில் மூன்று நாள் எம்சிதான் கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். கத்தியைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் மூடவில்லை. பட்டையில் கோடு இழுக்கும்போது கத்தி நழுவி மரத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. காய்ச்சல்தான் இல்லையே, ஏன் நடிக்கிறாய் என்று மேற்பார்வை பார்த்தவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த ஒரு வார்த்தை இன்னும் ஆறவில்லை. அதற்காகத்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

இனி என் கணவர் கதை. 2014-ல் அவருக்கு டெங்கு. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல். ஆனால் ஒரு மூட்டுகூட வீங்கவில்லை, விரலை மடக்க முடிந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று நான் துணியை மடித்து வைத்தேன். அப்போதுதான் வயிறு வலிக்கிறது என்றார், இரண்டு முறை வாந்தி எடுத்தார். தாதி ஓடி வந்து ரத்தம் எடுத்தார். 150,000-க்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் 28,000. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்று சொல்லி, இரண்டு நாள் டிரிப்ஸ் அளவை மணிக்கு மணி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு நாளும் தாண்டியதும் எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். இரண்டு மூன்று வாரம் அசதி இருந்தது. அப்புறம் எந்த வலியும் இல்லை.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் உயிருக்கு ஆபத்தான நாள், அதைத் தாண்டினால் வலியும் பெரும்பாலும் கூடவே போய்விடும். சிக்குன்குன்யாவில் உயிர்ப் பயம் பெரும்பாலும் இல்லை, ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு மூட்டுவலி தங்கிவிடும். டெங்குவுக்குப் பின் சோர்வு சில வாரம் நிற்கலாம். மூன்று மாதம் கழித்தும் இரண்டு கை விரல்களிலும் கணுக்காலிலும் வீக்கம், காலையில் இறுக்கம் என்றால் அது டெங்குவின் போக்கு இல்லை. நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் இது நீடிக்கிற வாய்ப்பு அதிகம் என்று எனக்குச் சொன்னார்கள்.

ரத்தப் பரிசோதனையில் நாள் கணக்கு முக்கியம். முதல் வாரத்தில் கிருமியைத் தேடுகிற சோதனையில்தான் தெரியும். உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள் ஐந்தாறு நாளுக்குப் பிறகுதான் ரத்தத்தில் காட்டும். எனக்கு முதல் கிளினிக்கில் டெங்குவுக்கு மட்டும் பார்த்தார்கள், இல்லை என்றதும் சாதாரண காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் வாரம் மாவட்ட மருத்துவமனையில் சிக்குன்குன்யாவுக்கென்று எடுத்தபோதுதான் தெரிந்தது. டெங்கு இல்லை என்றால் சிக்குன்குன்யா என்று தானாக ஆகிவிடாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இப்போதும் பார்க்கலாம், எந்தச் சோதனை என்று டாக்டர் முடிவு செய்வார். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருப்பதால் மூட்டு வாத நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கிருமி போன பிறகு நிற்கிற இந்த வலியும் முடக்குவாதமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

மருந்தில் நான் செய்த தப்பை யாரும் செய்யாதீர்கள். காய்ச்சல் நேரத்தில் டெங்கு இல்லை என்று உறுதியாகிற வரை பாரசிட்டமோல் மட்டும்தான். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். நான் அதையெல்லாம் தாண்டிவிட்டேன். மூன்றாம் மாதம்தான் மாட்டிக்கொண்டேன். சந்தையில் ஒருவர் மூட்டுவலிக்கு மூலிகைக் கேப்சூல் விற்றார், ஒரு டப்பா 40 வெள்ளி. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. கோயிலில்கூட நன்றி சொன்னேன். ஒரு மாதத்தில் முகம் உப்பியது. டப்பா தீர்ந்து நிறுத்தியதும் வலி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று மருத்துவமனை டாக்டர் சொன்னார், திடீரென்று நிறுத்தாமல் மெல்லக் குறைத்துத்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று கோபப்படாமல் விளக்கினார். உங்கள் அம்மா கையில் அப்படி ஏதாவது கேப்சூல் இருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

அந்த மருத்துவமனைக்குப் போவதே ஒரு பாடு. காலை ஏழரைக்கு நம்பர் எடுக்க வேண்டும். தோட்டத்துப் பஸ்ஸை அந்த வருடம்தான் நிறுத்தினார்கள். டாக்சிக்கு ஒரு தடவைக்கு 30 வெள்ளி. மூன்று முறை கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம், பஸ் இன்று வரை வரவில்லை. வயதானவர்கள் எல்லாம் டவுனுக்குக் குடி போனதற்கு அதுவும் ஒரு காரணம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு இதைக் கொண்டுவந்தது தோட்டத்துக் கொசு, காலையிலும் சாயங்காலத்திலும் வெளியில் கடிக்கிற வரிக்கொசு. இலை உதிர்கிற காலத்தில் மரம் வெட்டாமல் விடும்போது பால் பிடிக்கிற மங்குகளை நிமிர்த்தியே விட்டுவிட்டோம். மழை பெய்து ஒவ்வொரு மங்கிலும் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. கவிழ்த்து வைத்திருக்கலாம்.

கை எனக்கு எப்படித் திரும்பியது என்றால், பிசியோவில் ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார்: எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து பத்து முறை மெல்ல மூடித் திறக்க வேண்டும், வீங்கிய நாளில் துணியில் சுற்றிய ஐஸ். சும்மாவும் இருக்கக் கூடாது, வலிக்க வலிக்க இழுக்கவும் கூடாது. எத்தனை நிமிடத்தில் இறுக்கம் தளர்கிறது என்று காலண்டரில் எழுதச் சொன்னார். மூன்றாம் மாதம் ஒன்றரை மணி நேரம். எட்டாம் மாதம் இருபது நிமிடம். சில வாரம் மறுபடியும் கூடியது, அதற்காகப் பயப்படவில்லை. பதினான்காம் மாதம் ஒரு நாள் காலையில் போர்வையைத் துவைத்து நானே முறுக்கிப் பிழிந்தேன். கொடியில் போடும்போது சொட்டுத் தண்ணீர் விழவில்லை.