வரலாற்றுக் கட்டுரை: அடிக்குறிப்பா, அடைப்புக்குறியா?

போன வாரம் அப்பாவோடு கும்பகோணத்தில் என்னைப் பார்க்க வந்தாய். முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் பற்றிய உன் கட்டுரை "சான்று காட்டியது சரியில்லை" என்று திரும்பி வந்துவிட்டது. மதிப்பெண் போய்விடுமோ, பிஎச்டி கனவே போய்விடுமோ என்று அப்பாவுக்குப் பயம். அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதி அனுப்புகிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் துறையின் வழிகாட்டுக் குறிப்பை எடுத்துப் பார். சான்று காட்ட அடிக்குறிப்பா, அடைப்புக்குறியா, எந்த முறை என்று அதில் போட்டிருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. உன் துறையில் "ஏதாவது ஒன்று, ஆனால் கடைசி வரை ஒரே முறை" என்றுதான் இருக்கிறது என்றாய். சரி, அப்படியென்றால் முடிவு உன் கையில். உனக்கு எது பழக்கம் என்று யோசிக்காதே. கட்டுரை எந்த மாதிரிச் சான்றின் மேல் நிற்கிறது என்று பார்.

உன் கட்டுரையில் இந்த வரி இருந்தது: "திருவாரூர், பழையாறை, திருவையாறு முதலிய ஊர்களிலிருந்து 400 பெண்கள் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டு, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பெற்றனர்." நல்ல வரி. முடிவில் (ஹுல்ட்ஷ்) என்று போட்டு, 1890-களின் ஒரு ஆண்டையும் சேர்த்திருந்தாய். படிப்பவர் என்ன நினைப்பார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானிய அறிஞர் சொன்ன கருத்து என்றுதானே? ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டைப் பதிப்பித்தவர். அவர் எதையும் வாதிடவில்லை. பேசுவது ராஜராஜன் காலத்துக் கல். 'ஆசிரியர், ஆண்டு' என்ற அடைப்புக்குறி முறை நூல்களுக்காக உண்டானது. கல்வெட்டுக்கு ஆசிரியர் கிடையாது. அதன் காலம் ஒன்று, அச்சேறிய ஆண்டு வேறொன்று. உன் பேராசிரியர் தடுக்கி நின்ற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதையே அடிக்குறிப்பாக எழுதிப் பார்: "தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 66." அவ்வளவுதான். பக்க எண் மட்டும் போதாதா என்று கேட்டாய். கல்வெட்டு எண்தான் முக்கியம், எந்தப் பதிப்பை எடுத்தாலும் அதை வைத்துத் தேடிவிடலாம். பக்கத்தையும் சேர்ப்பது நல்லது. அந்தக் கல்வெட்டு பல பக்கம் நீளும், 400 பேரின் பெயர்ப் பட்டியல் இல்லையா?

அடிக்குறிப்பில் இன்னொரு வசதியும் இருக்கிறது, உனக்கு அது மிகவும் தேவை. கட்டுரையில் "பொ.ஆ. 1014" என்று எழுதியிருக்கிறாய். கல்வெட்டில் 1014 எங்கே இருக்கிறது? அதில் இருப்பது ராஜராஜனின் 29-வது ஆட்சியாண்டு. அவன் 985-ன் நடுவில் பட்டத்துக்கு வந்தான் என்று கணக்கு வைத்தால், 29-வது ஆண்டு 1013-ன் நடுவில் தொடங்கி 1014-ன் நடுவில் முடிகிறது. இந்தக் கணக்கை வரிக்குள் நுழைத்தால் வாக்கியம் உடைந்துவிடும், அடைப்புக்குறிக்குள்ளும் அடங்காது. அடிக்குறிப்பில் ஒரே வரியில் முடியும்: "ஆட்சியாண்டு 29, பொ.ஆ. 1013–14." படிப்பவர் உன் கணக்கைச் சரிபார்க்க முடியும். ஒரு வாரமாக நீ உட்கார்ந்து போட்ட கணக்கு அது, கண்ணில் படட்டுமே.

அதற்காக அடிக்குறிப்புதான் எப்போதும் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதே. அடுத்த பருவத்தில் சோழ அரசின் தன்மை பற்றிய விவாதத்தை எழுதப்போகிறாய். அங்கே நிலைமை தலைகீழ். வலுவான மைய அரசு என்ற படத்தை வரைந்தவர் நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்து, கூறுபட்ட அரசு என்றார் பர்ட்டன் ஸ்டெயின் (1980). அடுத்த ஆண்டே சம்பகலட்சுமி விரிவான விமர்சனம் எழுதினார் (1981). இங்கே யார், எப்போது, யாருக்குப் பதில் என்பதுதான் விஷயமே. ஆண்டுகள் வரிக்குள்ளேயே தெரிந்தால் விவாதம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். அடியில் குனிந்து பார்க்க வைத்தால் அந்த ஓட்டம் போய்விடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சாஸ்திரியின் நூலை 1955-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பார்த்துவிட்டு (சாஸ்திரி 1955) என்று போட்டால், அவர் 1950-களில் பேசத் தொடங்கியவர் போல ஆகிவிடும். முதல் பாகம் வந்தது 1935-ல். (சாஸ்திரி 1935/1955) என்று இரண்டையும் போடு.

சரி, இப்போதைய கட்டுரைக்கு அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். நீ வழுக்கக்கூடிய இடம், முந்தைய குறிப்பில் சொன்ன அதே சான்று என்று காட்டும் 'மேலது' என்ற சொல். உன் கைப்பிரதியில் ஐந்தாம் குறிப்பு கல்வெட்டு எண் 66, ஆறாம் குறிப்பு 'மேலது'. பிறகு நடுவில் சாஸ்திரியிடமிருந்து ஒரு வரியைச் சேர்த்திருக்கிறாய். கணினி எண்களை ஒழுங்காக மாற்றிவிட்டது: சாஸ்திரி ஆறு, 'மேலது' ஏழு. ஆனால் அந்தச் சொல் இப்போது கல்வெட்டைக் காட்டவில்லை, சாஸ்திரியைக் காட்டுகிறது! 100 கலம் நெல் என்ற தகவல் கல்வெட்டிலிருந்து வந்தது என்பதே மறைந்துபோயிற்று. வேர்ட் கோப்பில் 'மேலது' என்று தேடி, ஒவ்வொன்றுக்கும் மேலே இருக்கும் குறிப்பைப் படித்துப் பார். இப்படி இடம் மாறியது மூன்று இருந்ததை நானே பார்த்தேன். இனிமேல் எழுதும்போது அந்தச் சொல்லே வேண்டாம். முதல் தடவை முழு விவரம், அப்புறம் "தெ.இ.க. 2, எண் 66" என்று சுருக்கம். எங்கே நகர்த்தினாலும் அது பொய் சொல்லாது. குறிப்பைச் செருக `Ctrl + Alt + F` அழுத்து. எண்ணைக் கையால் தட்டிச் சிறிதாக்கி மேலே தூக்கி வைத்தால், ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் குலைந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதேம்மா. எண் 66-ஐ நீ தொகுதியில் நேரே பார்த்தாயா, இல்லை வேறொருவர் நூலின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்தாயா? எடுத்திருந்தால் தப்பில்லை, ஆனால் அப்படியே சொல்: "தெ.இ.க. 2, எண் 66, மேற்கோள்:" என்று போட்டு அந்த நூலையும் பக்கத்தையும் எழுது. அவர் எண்ணைத் தவறாக அச்சிட்டிருந்தால், நேரே பார்த்ததாக எழுதிய நீயும் சேர்ந்து மாட்டிக்கொள்வாய். நாளைக்கு ஆய்வு நேர்காணலில் "இந்தக் கல்வெட்டு கோயிலில் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டால் முழிக்கவேண்டியிருக்கும்.

அப்பாவின் கேள்வி ஒன்று பாக்கி. "ஒரு முறையைப் பழகிவிட்டால் பின்னால் மாற்ற முடியுமா?" முடியும் சார், மாற்றத்தான் வேண்டியிருக்கும். இந்திய வரலாற்றுப் பேரவையின் தொகுப்புகளில் கட்டுரைகள் எண்ணிட்ட குறிப்புகளோடு வருகின்றன. எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லிக்கு அனுப்பினால் அடைப்புக்குறி. பெண் இரண்டுக்கும் எழுதுவாள். அதனால் எந்த முறையில் எழுதினாலும் தனியாக ஒரு நோட்டில் ஒவ்வொரு சான்றுக்கும் முழு விவரமும் இருக்கட்டும்: பதிப்பாசிரியர், தொகுதி, எண், பக்கம், பதிப்பு ஆண்டு, எந்த நூலகத்தில் பார்த்தாள் என்பது வரை. அது இருந்தால் முறை மாற்றுவது ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் ஒவ்வொரு நூலையும் தேடி மறுபடி தஞ்சாவூருக்கு பஸ் ஏறவேண்டும்.

அடுத்த முறை வரும்போது திருத்திய கட்டுரையோடு அந்த நோட்டையும் எடுத்து வாம்மா. ஐந்து, ஆறு, ஏழு, இந்த மூன்று குறிப்புகளிலிருந்து ஆரம்பிப்போம்.