அதிகாலை நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எப்போது சாப்பிடுவது?

"ஞாயிறு காலை 5 மணிக்கு 28 கி.மீ. ஓடுகிறேன், 3 மணி நேரம் ஆகிறது. எடை 60 கிலோ. வெறும் வயிற்றில் கிளம்பலாமா? சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு குலுங்குகிறது. முடித்த அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டுமா?"

வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு மணி நேரம் நிதானமாக ஓடுவதென்றால் பரவாயில்லை, 3 மணி நேரத்துக்கு அது சரிவராது. தூங்கும்போது தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் பெரிதாகக் குறையாது. கல்லீரலில் இருப்பதோ மொத்தமே சுமார் 100 கிராம். விடிய விடிய மூளைக்குச் சர்க்கரை கொடுத்து அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். 20 கி.மீ. தாண்டியதும் தலை கிறுகிறுப்பது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, கால் கல்லாகக் கனப்பது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

ஓட்டத்துக்கு 3 மணி நேரம் முன்பு நன்றாகச் சாப்பிடச் சொல்வார்கள். அதற்காக ராத்திரி 2 மணிக்கு எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சாப்பாட்டைச் சனிக்கிழமைக்கே தள்ளிவிடுங்கள். மதியம் சோறு வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும். இரவு ஏழரைக்குள் இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் என்று எளிதில் செரிப்பதாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சுண்டல், கீரை, பரோட்டா, எண்ணெய்ப் பண்டம் எல்லாம் அன்று இரவு வேண்டாம். நார்ச்சத்தும் கொழுப்பும் வயிற்றில் தங்கும். பாதி வழியில் கழிப்பறை தேடி ஓடுபவர்களிடம் முந்தின நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் அநேகமாக இதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

காலை 4 மணிக்கு எழுந்ததும் நடுத்தர அளவு வாழைப்பழம் இரண்டு, ஒன்றரை தம்ளர் தண்ணீர். மாவுச்சத்து 50 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும், கல்லீரலுக்கு அது போதும். பழம் பிடிக்காவிட்டால் ஜாம் தடவிய பிரட். காபி பழக்கம் இருந்தால் அதையும் அப்போதே குடித்துவிடுங்கள், கிளம்புமுன் வயிறும் காலியாகிவிடும். சிலருக்கு இப்படி ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட்டால் இன்சுலின் ஏறி, ஓட ஆரம்பித்த கால் மணிக்குள் கைகால் தளரும். உங்களுக்கும் அப்படி இருந்தால் பழத்தைக் கிளம்புவதற்கு 5 நிமிடம் முன்பு சாப்பிடுங்கள். ஓட்டம் தொடங்கிவிட்டால் இன்சுலின் அந்த அளவுக்கு ஏறாது.

வயிறு குலுங்குவது பழக்கத்தால் சரியாகும். வார நாளில் சின்ன ஓட்டத்துக்கு முன்பு அரைப் பழத்தில் ஆரம்பித்து, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வழியில் 40-வது நிமிடத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை சின்னப் பேரீச்சம்பழம் மூன்று நான்கு, இல்லையென்றால் ஓட்டக்காரர்களுக்கான எனர்ஜி ஜெல் ஒன்று, கூடவே தண்ணீர். பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

இனி அந்த அரை மணிக் கணக்கு. அன்றைக்கே மாலையில் சைக்கிளோ நீச்சலோ இருக்கிறது என்றால் அது முக்கியம். ஓடி முடித்த உடனே தொடங்கி, முதல் நான்கு மணி நேரம் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் மணிக்கு மணி மாவுச்சத்து போக வேண்டும். உங்களுக்கு மணிக்கு 60 கிராம். அடுத்த ஓட்டம் செவ்வாய்க்கிழமைதான் என்றால் இந்தப் பதற்றம் தேவையில்லை, ஒரு நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிட்டாலே தசை நிரம்பிவிடும். 8 மணிக்கு முடித்து, குளித்து, 9 மணிக்கு ஐந்தாறு இட்லி, இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால். முட்டையும் பாலுமே 20 கிராம் புரதம் தந்துவிடும், இட்லியில் இருப்பது உபரி. இட்லியும் சட்னியும் மட்டும் என்றால் புரதம் போதாது. நம் ஊர் ஓட்டக்காரர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

தண்ணீரின் அளவை எடை மெஷின் சொல்லும். வியர்வைத் துணியைக் கழற்றிவிட்டு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நின்று பாருங்கள். 60 கிலோ 58.6 ஆகியிருந்தால் இழப்பு 1.4 கிலோ. அதன் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 2 லிட்டர், மதியம்வரை பிரித்துப் பிரித்து, உப்புப் போட்ட மோராகவும் ரசமாகவும் சேர்த்துக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் வழியில் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும், அது ஆபத்து. அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் மேலே சொன்ன நேரங்கள் அப்படியே பொருந்தாது. மருந்தின் அளவை டாக்டரிடம் பேசி மாற்றிக்கொண்ட பிறகே நீண்ட தூரம் ஓடுங்கள்.