916 மட்டும் போதுமா?

"ஆடிப்பெருக்குக்கு ஒரு பவுன் சங்கிலி வாங்கப்போகிறோம். 916 என்று இருந்தால் நம்பலாமா?"

அதை மட்டும் நம்பாதீர்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பதே அதன் பொருள். எட்டு கிராம் சங்கிலியில் சுமார் 7.33 கிராம். மீதி செம்பும் வெள்ளியும். ஆனால் வெறும் எண்ணை யாரும் பொறித்துவிடலாம்.

கும்பகோணத்தில் என் கடைக்கு வருபவர்களுக்குக் கொக்கியருகே லென்ஸ் வைத்து மூன்று குறிகளைக் காட்டுவேன்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான BIS-இன் முக்கோண முத்திரை, 22K916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறியான HUID. கடைசியானதுதான் உயிர்நாடி, ஒவ்வொரு நகைக்கும் அது தனி. BIS CARE செயலியில் Verify HUID பகுதியில் அதை இடுங்கள். நகையின் வகையும் தூய்மையும் தெரியும். கையில் சங்கிலி இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி, தாலிக்குண்டு போன்றவற்றுக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. அவற்றுக்குத் தூய்மையை ரசீதில் எழுதி வாங்குங்கள்.