50 கிலோ தண்ணீரும் 7 கிராம் காற்றும்: செவுள் பற்றிய கேள்வி பதில்

தண்ணீரே H2O தானே, அதை உடைத்துத்தான் மீன் ஆக்ஸிஜன் எடுக்கிறதா?

இல்லை, அந்த ஆக்ஸிஜன் ஹைட்ரஜனோடு இறுகிக் கிடக்கிறது. காற்றிலிருந்தும் நீர்த்தாவரங்களிடமிருந்தும் வந்து கரைந்திருப்பதுதான் மீனுக்கு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி ஆக்ஸிஜன் இருக்கும். 25 டிகிரி நன்னீரில் ஒரு லிட்டருக்கு 6 மில்லி தேறுவதே பெரிது.

மீனுக்குப் போதுமென்றால் எனக்கும் செவுள் பொருத்தினால் நீருக்கடியில் இருக்கலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உங்களுக்கு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்ஸிஜன் வேண்டும். நல்ல செவுள் நீரிலுள்ளதில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடும், லிட்டருக்கு 5 மில்லி என்று வையுங்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 50 லிட்டர், அதாவது 50 கிலோ தண்ணீரை இழுத்துத் தள்ள வேண்டும். இப்போது உங்கள் நுரையீரல் அசைப்பது 6 லிட்டர் காற்று, அதன் எடை 7 கிராம் சொச்சம்! அப்புறம் சூடு. அவ்வளவு நீர் ரத்தத்தை ஒட்டி ஓடினால் உடல் வெப்பமெல்லாம் அதோடு போய்விடும்.

ரத்தம் மெதுவாக ஓடுவதால் அதிக நேரம் கிடைக்கிறது, எதிரோட்டம் என்றால் அதுதானே?

நேரம் உதவும், ஆனால் திசைதான் முக்கியம். ஒரு செவுள் இழையை உருப்பெருக்கியில் பார்த்தால், புத்தகப் பக்கங்கள் போல மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். நீர் அவற்றின் இடுக்கில் ஒரு பக்கமாகப் போகிறது, உள்ளே ரத்தம் எதிர்ப்பக்கமாக வருகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால், ஆக்ஸிஜன் அளவு நீரில் 100இல் தொடங்க ரத்தத்தில் 0இல் தொடங்கும், நடுவில் 50க்கு 50 ஆகி நின்றுவிடும். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது. எதிர்த் திசையிலோ, 80 நிறைந்த ரத்தம் வெளியேறும் இடத்தில் 100 உள்ள புது நீரைச் சந்திக்கிறது. 20க்கு இறங்கிய நீர், இப்போதுதான் வரும் வெறும் ரத்தத்தைச் சந்திக்கிறது. கடைசிவரை நீர்தான் ஒரு படி மேலே, அதனால் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது.

பறவைக்கும் எதிரோட்டம் என்று படித்தேன். நமக்கு ஏன் இல்லை?

பறவையுடையது குறுக்கோட்டம். காற்று போகும் பாதையை ரத்தம் குறுக்கே கடக்கிறது, நம்முடையதைவிடத் திறமையானது. நமக்கு வந்த வழியே காற்று திரும்பிப் போவதால் பழையதும் புதியதும் கலந்துவிடும், கால் பங்குதான் எடுக்கிறோம். காற்றில் ஆக்ஸிஜன் தாராளம் என்பதால் அதுவே போதும். நீரை அப்படி உள்ளே இழுத்து, நிறுத்தி, திருப்பித் தள்ளுவது கட்டுப்படியாகாது. காற்றைவிட 800 மடங்கு கனமாயிற்றே.

என் தொட்டியில் செடிகள் நிறைய. ஆனால் விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நோயா?

விளக்கு போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கீழே இறங்கிவிட்டால் ஆக்ஸிஜன் குறைவுதான். இரவில் செடிகளும் அதைச் செலவழிக்கின்றன. காற்றுக்குழாயை இரவில் ஓடவிடுங்கள், குமிழிகள் மேற்பரப்பைக் கலக்கினாலே காற்று கரையும். பகலிலும் மூச்சு வாங்கினால், அல்லது செவுள் பழுப்பாகத் தெரிந்தால், நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று சோதித்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்.