போனும் கார்டு மெஷினும் பேசிக்கொள்ளும் நான்கு சென்டிமீட்டர்

கேள்வி: கடைகளில் கார்டு மெஷின்மேல் போனை வைத்துத்தான் பணம் கட்டுகிறேன். சில கடைகளில் வைத்ததுமே முடிந்துவிடுகிறது. சில இடங்களில் எத்தனை முறை அழுத்தி வைத்தாலும் மெஷின் கண்டுகொள்வதே இல்லை. ஒருமுறை போனில் நெட் இல்லாதபோதுகூடப் பணம் போனது. உள்ளே என்னதான் நடக்கிறது? போனை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

பதில்: முதலில் அழுத்துவதை விட்டுவிடுங்கள். அழுத்தத்தால் எதுவும் ஆகப்போவதில்லை. மெஷினுக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது, உங்கள் போனின் முதுகுப்பக்கம் இன்னொன்று இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்காரர் தொகையைத் தட்டியதும் மெஷினின் சுருளில் மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. அதன் அதிர்வெண் 13.56 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு சுமார் 1.36 கோடி சுழற்சிகள். சுருளைச் சுற்றி ஒரு காந்தப்புலம் அதே வேகத்தில் எழுந்து அடங்குகிறது. அந்தப் புலத்துக்குள் இன்னொரு சுருள் வந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதே காந்தத் தூண்டலால்தான். பாத்திரத்தைச் சற்றுத் தூக்கினால் அடுப்பு நின்றுவிடுகிறது அல்லவா, இங்கேயும் அதே கதைதான்.

ஏன் இவ்வளவு குறைந்த தூரம்? இந்த அதிர்வெண்ணில் வானொலி அலையின் நீளம் சுமார் 22 மீட்டர். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு சுருளால் அவ்வளவு நீள அலையைச் சரியாக வெளியே வீச முடியாது. எனவே ஆற்றல் அலையாகப் பயணம் போகாமல், காந்தப்புலமாகச் சுருளைச் சுற்றியே நிற்கிறது. சுருளின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மெஷின் பரப்பில் புலத்தின் வலிமை 100 என்றால், 1 சென்டிமீட்டர் மேலே அது சுமார் 85. 4 சென்டிமீட்டரில் 22. 10 சென்டிமீட்டரில் 2 அல்லது 3தான் மிஞ்சும். கார்டு மெஷின்களுக்கான இஎம்வி தரவிதிகள் சுமார் 4 சென்டிமீட்டர் வரை வேலை செய்தால் போதும் என்று வைத்திருப்பது இதை ஒட்டித்தான்.

இனி பேச்சு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மெஷின் பேசும்போது தன் புலத்தை மைக்ரோநொடிக் கணக்கில் விட்டுவிட்டு அணைக்கிறது. அந்த இடைவெளிகள் எங்கெங்கே விழுகின்றன என்பதுதான் செய்தி. பதில் சொல்வது இன்னும் சுவாரசியம். பிளாஸ்டிக் கார்டில் பேட்டரி கிடையாது, அதனால் அது எதையும் ஒலிபரப்புவதில்லை. மெஷினின் புலத்திலிருந்து தான் உறிஞ்சும் ஆற்றலை வேகவேகமாகக் கூட்டிக் குறைக்கிறது. அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை மெஷின் தன் சுருளிலேயே உணர்ந்து படித்துக்கொள்கிறது. போனும் கார்டாக நடிக்கிறது. ஆனால் அதன் சுருள் சிறியது, பக்கத்திலேயே பேட்டரியும் உலோகமும் இருக்கின்றன. அதனால் இன்றைய போன்கள் பல, மெஷினின் துடிப்போடு தாளம் சேர்த்து, சொந்த பேட்டரியிலிருந்து ஒரு சிறு உந்துதலும் கொடுக்கின்றன. அப்போதும் பேச்சைத் தொடங்குவது மெஷின்தான்.

480 ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெஷின் அனுப்பும் முதல் முக்கியக் கட்டளை இது:

```
00 A4 04 00 0E 32 50 41 59 2E 53 59 53 2E 44 44 46 30 31 00
```

நடுவில் உள்ள 14 பைட்டுகளை எழுத்தாக்கினால் `2PAY.SYS.DDF01` என்று வரும். ‘உன்னிடம் என்னென்ன பேமென்ட் கார்டுகள் இருக்கின்றன?’ என்று கேட்கிறது, அவ்வளவுதான். போன் ரூபே, விசா, மாஸ்டர்கார்டு என்று தன்னிடம் உள்ளதைச் சொல்லி, `90 00` என்று முடிக்கும்; அதற்கு ‘சரி’ என்று பொருள். பிறகு மெஷின் 480 ரூபாய் என்ற தொகை, ரூபாய்க்கான எண் 356, தேதி, அந்த நொடியில் தானே உருவாக்கிய ஒரு தற்செயல் எண் ஆகியவற்றைத் தருகிறது. போன் இவற்றோடு தன் பரிவர்த்தனை எண்ணிக்கையையும் சேர்த்து, தன்னிடம் இருக்கும் ரகசியச் சாவியால் ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. கூடவே போவது உங்கள் கார்டின் உண்மையான எண் அல்ல, இந்தப் போனுக்கென்று தரப்பட்ட மாற்று எண். மொத்தமும் ஆயிரம் பைட் என்றே வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 106 கிலோபிட் வேகத்தில் 0.1 நொடிக்குள் காற்றைக் கடந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் கணக்கீட்டுக்குத்தான்.

நெட் இல்லாமல் பணம் போனதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. வங்கியிடம் கேட்டு ஒப்புதல் வாங்குவது மெஷின், அதற்குத்தான் நெட் வேண்டும். சில போன்களில் சாவி தனிச் சிப்பில் நிரந்தரமாக இருக்கும். சில ஆண்ட்ராய்டு செயலிகள் ஒருசில முறைக்கான சாவிகளை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். அவை தீர்ந்தால் ஒருமுறை நெட்டில் இணைய வேண்டியிருக்கும்.

‘தூரம் குறைவு, அதனால் பாதுகாப்பு’ என்று பலர் சொல்வது பாதி உண்மைதான். நல்ல ஆன்டெனா வைத்து இந்தப் பேச்சைச் சற்றுத் தள்ளி நின்றும் ஒட்டுக்கேட்கலாம். ஆனால் கேட்டு என்ன பயன்? அந்தக் குறியீடு அந்த ஒரு பில்லுக்கு மட்டும்தான் செல்லும்.

இப்போது போனை எங்கே வைப்பது என்ற விஷயம். மெஷினில் நான்கு வளைகோடுகள் கொண்ட அடையாளம் எங்கே இருக்கிறதோ, சுருள் அங்கேதான். சிலவற்றில் திரைக்கு அடியில், சிலவற்றில் தலைப்பக்கம் இருக்கும். சில கடைகளில் மட்டும் உங்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். போனைப் பொறுத்தவரை, ஐபோனில் மேல் விளிம்பைக் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுவிலோ கேமரா அருகிலோ இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: போனில் இந்தக் குறுந்தூரப் பேச்சுக்கான வசதியின் பெயர் NFC; அதை ஆன் செய்து, லாக்கைத் திறந்து, ஒரு மெட்ரோ பயண அட்டையை முதுகில் மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் போன் அதிர்கிறதோ அல்லது ஒலிக்கிறதோ, அதை மெஷினின் அடையாளத்துக்கு நேரே ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு நொடி அசைக்காமல் நிறுத்துங்கள். ஒட்டி வைத்தால் சில ஜோடிகளில் இரண்டு சுருள்களும் ஒன்றின் சுருதியை ஒன்று கலைத்துவிடும். அழுத்த அழுத்த மோசமாவது அதனால்தான்.

மெஷின் துளியும் அசையவில்லை என்றால் போன் உறையைச் சந்தேகியுங்கள். கார் ஸ்டாண்டுக்காக ஒட்டிய இரும்புத் தகட்டில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து புலத்தை எதிர்க்கும். உறைக்குள் ஒரு வங்கிக் கார்டையும் செருகியிருந்தால் வேறு தொல்லை: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், மெஷின் `PRESENT ONE CARD ONLY` என்று நின்றுவிடும். அதைவிட மோசம், உறையில் உள்ள கார்டே பணம் கட்டிவிடவும் கூடும்.

‘பீப்’ சத்தம் கேட்டதும் பணம் போய்விட்டதாக நினைக்காதீர்கள். படித்து முடித்துவிட்டேன், போனை எடுத்துக்கொள் என்றுதான் அதற்கு அர்த்தம். வங்கியின் பதில் அதற்குப் பிறகுதான் திரையில் வரும். பீப் வந்து, அடுத்து மறுப்பு வந்தால் சுருளில் கோளாறு இல்லை. வங்கியையோ கார்டின் வரம்பையோ விசாரியுங்கள். பீப்பே வராமல், உறையைக் கழற்றிய பிறகும் அமைதியாகவே இருந்தால், போனின் Settings-இல் NFC-க்குள் Contactless payments என்ற இடத்தைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தும் செயலிதான் அங்கே தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேமென்ட் செயலிகள் உள்ள போன்களில் பிரச்சினை பலமுறை அங்கேதான் இருக்கும்.